மாத்திரை தந்த தலைவலி

நம் இல்லங்களில் அஞ்சறைப் பெட்டிக்கு அருகிலேயே தலைவலி மாத்திரை அட்டையும் இடம் பிடித்துவிட்டது. அதனாலும் தலைவலி உண்டாகும் என்பதை நாம் அண்மையில்தான் அறிந்தோம்.

இல்லங்களைச் சந்திக்கச் சென்றபோது நாற்பது வயதைக் கடந்த தாய் ஒருவரைக் கண்டோம். இளமை முதலே அவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. மாதத்தில் இரண்டு மூன்று நாள் வரும். ஒரு மாத்திரையில் அடங்கும். மகளின் திருமண வேலைகள் தொடங்கியபின், வலி வந்துவிடுமோ என்ற அச்சத்தால் முன்கூட்டியே விழுங்கலானார். ஓராண்டுக்குள் விடியும்போதே வலியோடு கண் விழிக்கும் நிலை வந்தது. "போடாவிட்டால் தலை வெடிக்கிறது, சாமி, போட்டாலும் நாலு மணி நேரந்தான்" என்றார்.

நரம்பியல் மருத்துவர் மாத்திரைகளின் எண்ணிக்கையைக் கேட்கவில்லை. மாதத்தில் எத்தனை நாள் உண்கிறீர்கள் என்றே கேட்டார். வலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை உண்ட நாளுக்கு ஒரு கோடு என நாட்காட்டியில் குறிக்கச் சொன்னார். மாத முடிவில் 26 வட்டங்கள், 24 கோடுகள்!

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, மூன்று மாதங்களுக்கு மேல் மாத்திரையும் மிகுந்திருந்தால், மருந்தையே ஐயுற வேண்டுமாம். தனிப் பாரசிட்டமாலுக்கு மாதம் 15 நாளே எல்லை. காஃபீன் கலந்த கூட்டு மாத்திரைக்கு 10 நாள். இவர் உண்டது கூட்டு மாத்திரை. அடிக்கடி மருந்து பெறும் மூளையில் வலியை உணரும் அமைப்பு கூர்மையடைந்து, சிறு தூண்டுதலையும் வலியாகக் கொள்கிறது. மருந்தின் வேகம் தணிந்ததும் வலி எழ, மீண்டும் மருந்து தேவைப்படுகிறது. மூட்டுவலிக்காக நாள்தோறும் மாத்திரை உண்ணும் பாட்டியாருக்கு முன்பே தலைவலி நோய் இல்லையெனில், இத்தொல்லை பொதுவாக வருவதில்லை என்பது வியப்பே.

மாத்திரையை அடியோடு நிறுத்தச் சொன்ன மருத்துவர், இரண்டு முதல் பத்து நாள் வரை வலி மிகும் என்றும் எச்சரித்தார். பலர் தோற்பது இங்கேதான். மிகும் வலியைக் கண்டு மருந்து தேவைதான் என்று முடிவு கட்டிவிடுகின்றனர். மூன்றாம் நாள் வாந்தியும் உறக்கமின்மையும் சேர, இத்தாயும் மகனைக் கடைக்கு அனுப்பப் பார்த்தார். மகன் அசையவில்லை. எட்டாம் நாள் வலியின்றி விழித்தார். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராதிருக்க, இரவில் உண்ணும் தடுப்பு மருந்தும் தொடக்கத்திலேயே தரப்பட்டிருந்தது.

எல்லா மருந்தையும் இவ்வாறு திடீரென நிறுத்தலாகாது. அபினி வகை வலி மருந்தையும் உறக்க மருந்தையும் மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும். இடி விழுந்தாற்போல் திடீரென எழும் தலைவலிக்கும், காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த தலைவலிக்கும், கை கால் தளர்ச்சியோடு வருவதற்கும் நாட்காட்டி பார்த்துக் காத்திராமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து அவ்வீட்டு நாட்காட்டியைப் பார்த்தோம். அம்மாதம் ஆறு வட்டங்கள், நான்கு கோடுகள். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அட்டையைத் தொடுவதில்லையாம். அட்டை இப்போது மகனின் பெட்டியில்.