உமி விசிறியின் தண்டும் பேரிங் அமரும் இடமும்

ரப்பர் உருளைகளுக்கு இடையே உடைபடும் நெல்லில் அரிசியும் உமியும் கலந்தே கீழே இறங்கும். அந்தக் கலவையிலிருந்து உமியை மட்டும் காற்றால் இழுத்துக்கொண்டு போவது உமி விசிறி. பழைய ஹல்லர் ஆலைகளில் உமியும் தவிடும் நொறுங்கி ஒன்றாகவே வெளிவந்தன. 1960-களில் திருவாரூரில் நவீன அரிசி ஆலை அமைந்து, உமி முழுசாகப் பிரியும் முறை டெல்டாவில் பரவியபோது விசிறியும் கூடவே வந்தது. சம்பா அறுவடை முடிந்த தை, மாசியில் அது இரவு பகலாக ஓடும். அப்போது நின்றுபோனால் ஆலையே நிற்கும்.

விசிறியைத் தாங்குவது ஒரு சிறிய எஃகுத் தண்டு. பேரிங் அமரும் இடத்தில் அதன் விட்டம் 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதற்குரிய சாதாரண குண்டு பேரிங் 6205. அதன் உள்துளை 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. தண்டின் ஒரு முனையில் பெல்ட் ஓடும் புல்லி, மறுமுனையில் விசிறி. கணினியில் இதை வரைபவர் தண்டுக்கும் 25, துளைக்கும் 25 என்று கொடுத்துவிட்டால் திரையில் இரண்டும் அழகாகப் பொருந்தும். பட்டறையில் பொருந்துவது இறுக்கமாகவா, இளக்கமாகவா என்பதை அந்தப் படம் சொல்லாது.

இளக்கமாக இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கையில் போட்ட பெரிய வளையலை வைத்துப் புரிந்துகொள்ளலாம். கையைச் சுழற்றினால் வளையலும் சுழலும். ஆனால் கையைவிடக் கொஞ்சம் மெதுவாக. வளையலின் சுற்றளவு கையின் சுற்றளவைவிடப் பெரிது என்பதே காரணம். பெல்ட் தண்டை எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறது. அந்த அழுத்தத்தில் தண்டு, பேரிங்கின் உள்வளையத்துக்குள் உருண்டுகொண்டே போகிறது. இடைவெளி 20 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான் என்றாலும், ஒவ்வொரு சுற்றுக்கும் வளையம் சுமார் 63 மைக்ரான் பின்தங்கும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் விசிறியில் இது 94 மி.மீ. ஆகிவிடும். அதாவது நிமிடத்துக்கு ஒரு முழுச் சுற்றுக்கு மேலாக வளையம் தண்டின் மேல் வழுக்குகிறது. எந்த நட்டையும் இறுக்கி இந்த நகர்வை நம்பகமாக நிறுத்த முடியாது. வளையத்தைத் தண்டோடு இறுக்கமாக உட்காரவைப்பதே வழி.

இப்படி வழுக்கிய பேரிங்கைக் கழற்றினால் தண்டின் மேல் செம்பழுப்புத் தூள் படிந்திருக்கும். ஆலையில் அது தவிட்டுத் தூசி என்று துடைத்துவிடப்படுவது எளிது. ஆனால் அது எஃகு தேய்ந்து துருவான தூள். துணியில் துருக்கறை பிடிக்கும். தவிடு அப்படிப் பிடிக்காது. தூளுக்கு அடியில் தண்டு மெருகேறிப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு தேய்மானத்தின் அடையாளம்.

இனி எவ்வளவு இறுக்கம் என்ற கேள்வி. இங்கேதான் வரைபவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். பட்டறையில் துளையிடும்போது துளை குறித்த அளவிலிருந்து கூடலாம், குறையக்கூடாது என்பது வழக்கமான ஏற்பாடு. H7 என்ற குறியீட்டின் பொருளும் அதுதான். பேரிங்கில் இது தலைகீழ். 6205-இன் உள்துளை 25 மி.மீ.-ஐத் தாண்டாது, அதைவிட 10 மைக்ரான் வரை குறைந்திருக்கலாம். ஆகவே சாதாரணத் துளைக்கான அட்டவணையைப் பேரிங்குக்கு எடுத்துப் பார்த்தால் விடை தப்பாகவே வரும்.

உள்வளையம் சுழலும், சுமை ஒரே திசையில் நிற்கும் என்ற இந்த நிலைக்கு, நடுத்தரச் சுமையில், பேரிங் கையேடுகள் தண்டுக்குச் சொல்லும் அளவு k5. 25 மி.மீ. தண்டில் அதன் பொருள்: 2 மைக்ரானுக்குக் குறையாமலும் 11 மைக்ரானுக்கு மிகாமலும் 25-ஐவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மிகச் சிறிய தண்டும் மிகப் பெரிய துளையும் சேர்ந்தால் இறுக்கம் 2 மைக்ரான். மிகப் பெரிய தண்டும் மிகச் சிறிய துளையும் சேர்ந்தால் 21. எந்த ஜோடி கையில் வந்தாலும் இளக்கம் வராது. இதே k5 தண்டு H7 துளைக்குள் போனால் சில சமயம் இறுகும், சில சமயம் ஆடும்.

ஆகவே கணினி மாதிரியில் தண்டை 25.0065, துளையை 24.995 என்று நடு அளவில் வரைவது நல்லது. அப்போது 11.5 மைக்ரான் இறுக்கம் மாதிரியிலேயே தெரியும். மோதல் சோதனையில் மென்பொருள் அதைப் பிழை என்று சிவப்பில் காட்டும். அது வேண்டுமென்றே வைத்த மோதல். பட்டறைக்குப் போகும் வரைபடத்தில் மட்டும் 25 k5 என்று எழுதி, இரு எல்லைகளையும் பக்கத்தில் போட வேண்டும். பேரிங் மோதி நிற்கும் தண்டின் தோள் மூலையில் விடும் வளைவின் ஆரம் 1 மி.மீ.-க்கு மேல் போகக் கூடாது. போனால் பேரிங் தோளில் உட்காராமல் வளைவில் ஏறி நின்றுவிடும்.

எல்லைகளுக்கு இடையே இருப்பது ஒன்பதே மைக்ரான். லேத் பட்டறையில் வழக்கமாகப் புழங்கும் வெர்னியர் 20 மைக்ரானுக்குக் கீழே பிரித்துக் காட்டாது. 24.98 தண்டும் அதில் கிட்டத்தட்ட 25 போலவே தெரியும். இதற்கு ஒரு மைக்ரான் வரை காட்டும் மைக்ரோமீட்டர் வேண்டும். வெப்பமும் ஏமாற்றும். கடைந்து முடித்த கையோடு, மைக்ரோமீட்டரைவிட 20 டிகிரி சூடாக இருக்கும் தண்டை அளந்தால் அது 6 மைக்ரான் பெரிதாகக் காட்டும். அப்போது 25.006 என்று நிறைவாக இருந்தது, ஆறியதும் 25.000 ஆகி எல்லைக்கு வெளியே போய்விடும். தண்டும் கருவியும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருப்பதுதான் சரி.

இளக்கமாகிப் போன தண்டில் சென்டர் பஞ்சால் புள்ளிகள் அடித்து, மேடு எழுப்பி, பேரிங்கை ஏற்றுவது பட்டறைகளில் காணும் பழக்கம். சில நாளில் அந்த மேடுகள் நசுங்கி மறுபடி ஆட்டம் தொடங்கும். உலோகம் ஏற்றித் திரும்ப அரைப்பதோ, புதிய தண்டோதான் தீர்வு. இறுக்கமான பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் கூடாது. அடி குண்டுகள் வழியே போய் அவை ஓடும் பாதையில் குழி விழும். பேரிங்கைத் தண்டைவிட 80 டிகிரி சூடாக்கினால் துளை 24 மைக்ரான் விரியும். மிகக் கூடிய இறுக்கமே 21 என்பதால், வளையம் தானாக வழுக்கி இறங்கும்.

வெளிவளையம் அமரும் கூட்டின் கதை வேறு. பெல்ட் இழுப்பு மட்டும் இருந்தால் அந்த வளையம் சுமையின் கீழ் அசையாமல் நிற்கும். 52 H7 துளையில் லேசான இளக்கம் போதும். அந்த இளக்கம் தேவையும்கூட: 300 மி.மீ. தண்டு கூட்டைவிட 30 டிகிரி சூடானால் பத்தில் ஒரு மி.மீ. நீளும். இரண்டு பேரிங்குகளில் ஒன்றாவது கூட்டுக்குள் நகர இடம் கொடுக்காவிட்டால் அவை ஒன்றையொன்று நெருக்கும்.

ஆனால் ஈரப்பசையுள்ள தவிட்டுத் தூசி விசிறி இதழ்களில் ஒருபக்கமாக அப்பிக்கொண்டால் கணக்கு மாறும். இப்போது சுமை தண்டோடு சேர்ந்தே சுற்றுகிறது. வெளிவளையம் ஒவ்வொரு சுற்றிலும் முழுவதுமாக அழுத்தப்படுகிறது. முன்பு தண்டில் நடந்த அதே வழுக்கல் இப்போது கூட்டில் நடக்கும். துருத்தூள் தண்டில் இல்லாமல் கூட்டின் துளையில் தென்பட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதழ்களை. வடிவமைப்பிலேயே இதை எதிர்பார்த்து, நகராத முனையின் கூட்டை J7 என்று சற்று இறுக்கி, நகரும் முனையை H7-இல் விடலாம். ஆனாலும் நகரும் முனையில் அந்த வழுக்கலைத் தடுப்பது, இதழ்களைச் சுரண்டித் துடைத்து விசிறியைச் சமநிலையில் வைத்திருப்பதுதான்.