எந்த டெரிவேஷனை மனப்பாடம் செய்வது?

மெஷின் லேர்னிங் தியரி தேர்வுக்குப் படிக்கும் மாணவர்கள் தேர்வுக்கு முந்தைய வாரம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பாடத்தில் இருபது முப்பது டெரிவேஷன் இருக்கிறது, எதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும்? பலரும் எல்லாவற்றையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை எழுதி எழுதி உருப்போடுகிறார்கள். தேர்வறையில் நடுவில் ஒரு வரி மறந்துபோனால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் கைவிட்டுப் போகிறது. பெரும்பாலான டெரிவேஷன்களில் நினைவில் நிற்க வேண்டியது தொடக்கமும், நடுவில் வரும் ஒரே ஒரு திருப்பமும்தான். மற்ற வரிகள் சாதாரண இயற்கணிதம். பேனாவைக் காகிதத்தில் வைத்தால் தாமே வந்துவிடும்.

முதலில், தனித்தனியாகப் படிக்கவே தேவையில்லாத மூன்றைப் பார்ப்போம். லீனியர் ரிக்ரஷன், லாஜிஸ்டிக் ரிக்ரஷன், ரிட்ஜ் ரிக்ரஷன். புத்தகத்தில் இவை வேறு வேறு அத்தியாயங்களில் இருக்கும். ஆனால் மூன்றும் ஒரே வேரில் கிளைப்பவை. கையில் இருக்கும் தரவு கிடைப்பதற்கான நிகழ்தகவை எழுது, அதற்கு லாக் எடு, w-ஐப் பொறுத்து வகையிடு. இந்த மூன்று அடிகளைத்தான் மனதில் வைக்க வேண்டும்.

லாஜிஸ்டிக் ரிக்ரஷனில் விடை y என்பது 0 அல்லது 1. அது 1 ஆக இருக்கும் நிகழ்தகவு p = σ(z), இதில் z = wᵀx. ஒரு தரவுப் புள்ளிக்கு லாக் எடுத்தால் வருவது இது:

y ln p + (1 − y) ln(1 − p)

இங்கே தெரிந்திருக்க வேண்டிய திருப்பம், சிக்மாய்டை z-ஐப் பொறுத்து வகையிட்டால் p(1 − p) வரும் என்பது. அதைப் போட்டவுடன் முதல் உறுப்பில் p அடிபட்டு y(1 − p) மிஞ்சும். இரண்டாவதில் (1 − p) அடிபட்டு −(1 − y)p மிஞ்சும். இரண்டையும் கூட்டினால் yp நீங்கி, வெறும் y − p. அதை x-ஆல் பெருக்கினால் கிரேடியன்ட் தயார். உண்மையான விடைக்கும் மாதிரி சொன்ன விடைக்கும் உள்ள வித்தியாசம், பெருக்கல் உள்ளீடு. இவ்வளவுதான்.

லீனியர் ரிக்ரஷனில் பிழை காஸியன் பரவலில் இருப்பதாக எடுத்துக்கொண்டு இதே மூன்று அடிகளைச் செய்தால் (y − wᵀx)x வருகிறது, வெளியே ஒரு மாறிலி மட்டும் கூடுதல். உருவம் அதேதான். எல்லாப் புள்ளிகளுக்கும் கூட்டிச் சுழியாக்கினால் Xᵀ(y − Xw) = 0; அதிலிருந்து w = (XᵀX)⁻¹Xᵀy. லாஜிஸ்டிக்கில் ஏன் இப்படி ஒரு நேரடி விடை கிடைப்பதில்லை என்பது தேர்வில் அடிக்கடி வரும் துணைக் கேள்வி. அங்கே w அடுக்குக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் பிரித்து ஒரு பக்கம் கொண்டுவர முடியாது. ஆகவே கிரேடியன்ட் டிசென்ட் போன்ற படிப்படியான முறைதான் வழி. w-க்கும் ஒரு காஸியன் முன்னனுமானம் இருக்கிறது என்று சேர்த்தால் XᵀX-உடன் λI கூடும், அது ரிட்ஜ். ஒரு பக்கத்தில் மூன்று அத்தியாயங்கள் முடிந்தன.

உண்மையிலேயே மனப்பாடம் கேட்பது எஸ்விஎம்மின் டூயல் வடிவம். இங்கே தொடக்க வரியை அப்படியே, குறி பிசகாமல் எழுதத் தெரிய வேண்டும்:

L = ½‖w‖² − Σ αᵢ[yᵢ(wᵀxᵢ + b) − 1], αᵢ ≥ 0

பாதிப் பேர் தடுமாறுவது அந்தக் கழித்தல் குறியில்தான். காரணம் தெரிந்தால் மறக்காது. ஒரு புள்ளி நிபந்தனையை மீறினால் அடைப்புக்குள் இருப்பது எதிர்மமாகும். முன்னால் கழித்தல் இருப்பதால் L ஏறும், மீறலுக்குத் தண்டனை விழும். குறியை மாற்றினால் மீறியவருக்குப் பரிசு கொடுப்பதாகிவிடும். அடுத்து w-ஐப் பொறுத்து வகையிட்டால் w = Σαᵢyᵢxᵢ; b-ஐப் பொறுத்து வகையிட்டால் Σαᵢyᵢ = 0. இரண்டையும் L-இல் திருப்பிப் போட்டால்:

Σαᵢ − ½ ΣΣ αᵢαⱼyᵢyⱼ xᵢᵀxⱼ

எழுதியது சரியா என்று தேர்வறையிலேயே பார்த்துக்கொள்ள வழி உண்டு. எண்கோட்டில் இரண்டு புள்ளிகள் போதும்: 3-இல் ஒன்று (y = +1), 1-இல் ஒன்று (y = −1). பிரிக்கும் கோடு நடுவில், 2-இல் விழும் என்று கண்ணுக்கே தெரிகிறது. 3w + b = 1, w + b = −1 என்று எழுதினால் w = 1, b = −2. குறைக்க வேண்டிய ½w²-இன் மதிப்பு ½. இனி டூயல் பக்கம் போவோம். Σαᵢyᵢ = 0 என்பதால் இரண்டு αவும் சமம். w = 3α − α = 2α. டூயல் 2α − 2α² ஆகிறது; α = ½-இல் உச்சம், அங்கே மதிப்பு ½. இரு பக்கமும் ஒரே எண், w-உம் 1 என்றே வருகிறது. தொடக்கத்தில் குறியைத் தவறாகப் போட்டிருந்தால் w = −2α என்று வந்து, w = 1 ஆக α = −½ வேண்டியிருக்கும். αᵢ ≥ 0 என்பதோடு அது ஒத்துப்போகாது, தவறு உடனே தெரிந்துவிடும். மூன்றாவதாக 5-இல் ஒரு +1 புள்ளியைச் சேர்த்துப் பாருங்கள். அங்கே wx + b = 3, விளிம்பைத் தாண்டி நிற்கிறது, எனவே அதன் α சுழி. சப்போர்ட் வெக்டர் என்பது யார், ஏன் என்ற கேள்விக்கும் இந்த மூன்று புள்ளிகளே விடை சொல்லும்.

பேக்புரோபகேஷனுக்கு மனப்பாடமே வேண்டாம். இரண்டு அடுக்கு வலையொன்றை எடுத்துக் கையால் இரண்டு முறை போட்டுப் பார்த்தால் போதும். விசி டைமென்ஷன் சார்ந்த பெரிய தேற்றங்களில் கூற்றைத் துல்லியமாகச் சொல்லத் தெரிந்தால் பெரும்பாலான வினாத்தாள்களுக்குப் போதுமானது.

கடைசியாக, லெஸ்லி வேலியண்ட் 1984-இல் முன்வைத்த பேக் கற்றல். முடிவான கருதுகோள்கள் உள்ள நிலைக்கான வரம்பை நிறுவ மூன்றே அசைவுகள். உண்மைப் பிழை ε-ஐவிடக் கூடுதலான ஒரு மோசமான கருதுகோள், m மாதிரிகளில் ஒன்றில்கூடச் சிக்காமல் தப்பும் நிகழ்தகவு (1 − ε)ᵐ-ஐத் தாண்டாது. அது e^(−εm)-ஐவிடப் பெரிதல்ல. இப்படி அதிகபட்சம் |H| கருதுகோள்கள் இருக்கலாம் என்பதால் |H|-ஆல் பெருக்கி, δ-க்குள் அடக்கு:

m ≥ (1/ε)(ln|H| + ln(1/δ))

1000 கருதுகோள்கள், ε = 0.1, δ = 0.05 என்றால் ln 1000 ஏறத்தாழ 6.91, ln 20 ஏறத்தாழ 3.00. கூட்டிப் பத்தால் பெருக்கினால் 100 மாதிரிகள் வேண்டும். கருதுகோள்களை 2000 ஆக்கினாலும் தேவை 106-ஐத் தாண்டாது. எண்ணிக்கை லாக்குக்குள் இருப்பதன் பலன் அது.

இந்தச் சூத்திரத்தை எழுதும் முன் கேள்வியில் ஒரு நிபந்தனையைத் தேட வேண்டும். பயிற்சித் தரவில் ஒரு பிழையும் செய்யாத கருதுகோள் H-க்குள் உண்டு என்று சொல்லியிருக்கிறார்களா? இல்லையென்றால் மேலே சொன்ன முதல் அசைவே செல்லாது. அப்போது ஹோஃப்டிங் சமனின்மைக்குப் போக வேண்டும், தேவை m ≥ (1/2ε²) ln(2|H|/δ) ஆகிறது. எந்தக் கருதுகோளை எடுத்தாலும் அதன் பயிற்சிப் பிழைக்கும் உண்மைப் பிழைக்கும் இடைவெளி 0.1-க்குள் இருக்க வேண்டுமென்றால், அதே 1000 கருதுகோள்களுக்கு, அதே δ-வுக்கு 530 மாதிரிகள் தேவைப்படும். ε இருபடியாகக் கீழே இறங்கியதுதான் காரணம்.