சொந்தக் கட்டடத்துக்கு வாடகை போடலாமா?

கோவையில் பம்புசெட் உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் ஒரு சிறிய லேத் பட்டறையை எடுத்துக்கொள்வோம். கட்டடம் முதலாளியின் சொந்தம். இயந்திரங்களிலும் சரக்கிலும் முடங்கியிருக்கும் 15 லட்சம் ரூபாயும் அவருடைய பணமே, கடன் கிடையாது. ஆண்டுக்கு 30,000 உருப்படிகள், ஒன்று 90 ரூபாய் என்று விற்று 27 லட்சம் வருகிறது. மூலப்பொருள், கூலி, மின்சாரம், தேய்மானம் எல்லாம் சேர்ந்து செலவு 24 லட்சம். ஆண்டு முடிவில் ஆடிட்டர் 3 லட்சம் லாபம் என்று எழுதுகிறார்.

அது சரியான கணக்குதான். நிதிக் கணக்கில் நடந்த வரவு செலவுக்கே இடம். தன் கட்டடத்துக்குத் தானே வாடகை கொடுத்ததாக எழுத முடியாது. வருமான வரியிலும் அதைச் செலவாகக் கழிக்க முடியாது.

அடக்கவிலைக் கணக்கு கேட்கும் கேள்வி வேறு: ஓர் உருப்படிக்கு அடக்கம் எவ்வளவு? அடுத்த தெருவில் வாடகைக் கட்டடத்தில், வங்கிக் கடனில் இதே வேலையைச் செய்பவரோடு ஒப்பிட வேண்டுமானால், கையிலிருந்து போகாத இந்த இரண்டையும் மதிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். இவற்றைக் கருத்தியல் செலவு என்பார்கள். அந்தப் பகுதியில் அப்படியொரு கட்டடத்துக்கு மாத வாடகை 20,000 என்றால் ஆண்டுக்கு 2,40,000. முதலுக்கு 10 சதவீத வட்டி 1,50,000.

பலர் இங்கேதான் இரட்டிப்பாக எழுதிவிடுகிறார்கள். வாடகை போட்ட பிறகு அதே கட்டடத்தின் தேய்மானத்தையும் வைத்திருக்கக் கூடாது. 24 லட்சத்தில் அது 30,000 என்றால் அதை நீக்க வேண்டும். கட்டடத்தில் போட்ட பணத்துக்கு வட்டியும் கூடாது. அதனால்தான் 15 லட்சத்தில் கட்டடத்தைச் சேர்க்கவில்லை. இப்போது மொத்தம் 27,60,000. உருப்படிக்கு 92 ரூபாய் அடங்குகிறது. விற்பதோ 90 ரூபாய்க்கு. லாபம் இருந்த இடத்தில் 60,000 நட்டம்.

இரண்டும் மோதுவதில்லை என்பதைச் சரிக்கட்டும் பட்டியல் காட்டும். 60,000 நட்டத்தில் தொடங்கி, நிதிக் கணக்கில் இல்லாத வாடகையையும் வட்டியையும் கூட்டி, அங்கே மட்டும் இருக்கும் 30,000 தேய்மானத்தைக் கழித்தால் அதே 3 லட்சம் வந்துவிடும்.

விவசாயிகள் கேட்கும் விலைக்குள்ளும் இதே கணக்கு இருக்கிறது. சி2 எனப்படும் சாகுபடிச் செலவில் சொந்த நிலத்தின் வாடகை மதிப்பும் சொந்த முதலின் வட்டியும் அடங்கும். மத்திய அரசு ஒன்றரை மடங்கு விலை என்று சொல்லும்போது எடுத்துக்கொள்வது ஏ2+எஃப்எல் என்ற கணக்கை; அதில் இந்த இரண்டும் இல்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் வந்திருக்கும் பணத்தை இல்லாததாக நினைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆனாலும் 92 ரூபாயை எல்லா இடத்திலும் பிடித்துத் தொங்கக் கூடாது. வேலை குறைந்த மாதத்தில் ஒருவர் 88 ரூபாய்க்குக் கேட்டால், அந்த ஆர்டருக்காகக் கையிலிருந்து போகும் செலவு அதற்குள் அடங்குகிறதா என்று பார்த்தாலே போதும். மூன்று ஆண்டு ஒப்பந்தத்தை அதே 88 ரூபாய்க்கு எழுதிக் கொடுத்தால், பட்டறையை மூடிவிட்டுக் கட்டடத்தை வாடகைக்கும் முதலை வட்டிக்கும் விட்டவரைவிடக் குறைவாகவே அவர் சம்பாதிப்பார்.