சிறியதென்று சொல்லித் தருதல்

ஜப்பானியர் ஒருவர் நண்பரின் இல்லத்திற்கு இனிப்புப் பெட்டியுடன் செல்கிறார். அதனை இரு கைகளாலும் நீட்டி, 'த்சுமரனை மோனோ தெசு கா' என்கிறார். 'மதிப்பற்ற பொருள்தான், ஆயினும்…' என்பது இதன் நேர்பொருள். பெட்டியோ தேர்ந்து வாங்கப்பட்டது. அவ்வாறாயின் அவர் கூறியது பொய்யா? அன்று. 'தங்கள் தகுதிக்கு முன் இது சிறிது' என்பதே அதன் குறிப்புப்பொருள். 'ஆயினும்' என்று தொடர் முற்றுப்பெறாமல் நிற்பதைக் காண்க. 'ஏற்றுக்கொள்ளுங்கள்' என்னும் வேண்டுகோள் சொல்லாமலே உணர்த்தப்படுகிறது.

நாமும் 'ஏதோ என்னால் முடிந்தது' என்று கூறித் தருகிறோம். ஆனால், இங்குத் தாழ்த்தப்படுவது பொருளன்று, கொடுப்பவரின் இயலுமையே. ஆங்கிலேயரோ 'ஒரு சிறு பொருள்தான்' என்பர். அது பொருளின் அளவைக் குறைத்து, பெறுபவர் மனத்தில் கைம்மாறு பற்றிய சுமை தோன்றாமல் காக்கிறது. அவர்களிடம் 'மதிப்பற்றது' என்று கூறினால், 'பிறகு ஏன் தந்தார்?' என்ற ஐயமே எழும்.

இத்தகைய ஐயம் ஜப்பானிலும் எழுந்துள்ளது. இன்று பலர் பழந்தொடரைத் தவிர்த்து, 'தங்கள் சுவைக்கு ஏற்றதாயின் மகிழ்வேன்' என்கின்றனர். தன்னைத் தாழ்த்தும் பணிவு, பெறுபவரின் விருப்பத்தை மதிக்கும் பணிவாக இங்கு மாறுகிறது.

எனவே, இத்தொடர்களை மொழிபெயர்ப்பவர் சொல்லுக்குச் சொல் தேடுதல் போதாது. தாழ்த்தப்படுவது பொருளா, அளவா, கொடுப்பவரா என்பதை முதலில் அறிதல் வேண்டும்.