மறுபடி அனுப்புவதற்கு முன்

கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, எதிர்ப்பக்கம் வந்து சேரவில்லை, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யுபிஐ-யில் இந்த நிலை வந்ததும் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். செயலியை மூடித் திறந்து, அதே தொகையைப் போட்டு, மறுபடியும் பின் நம்பரை அழுத்துகிறார்கள். கடைக்காரரும் "வரலைங்க, இன்னொரு தடவை போடுங்க" என்கிறார். சற்று நேரத்தில் இரண்டு பணமும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிறகு வங்கிக்குப் போனால், "ரெண்டும் சக்சஸ், நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று அனுப்பிவிடுகிறார்கள். வங்கிகள் பல விஷயங்களில் நம்மை அலைக்கழிக்கின்றன. ஆனால் இந்தப் பதில் மட்டும் சரியான பதில். முதல் பணம் பாதியில் நின்றவரைக்கும் சட்டம் உங்கள் பக்கம் இருந்தது. இரண்டாவது முறை அழுத்தியபோது நீங்களே அந்தப் பாதுகாப்பிலிருந்து வெளியே வந்துவிட்டீர்கள். ஏன் அப்படி என்பதைப் புரிந்துகொண்டால்தான் இந்தத் தவறு நிற்கும்.

யுபிஐ-யில் நீங்கள் பணம் அனுப்பும்போது, தேசியப் பணப்பட்டுவாடா கழகமான என்.பி.சி.ஐ நடுவில் நின்று முதலில் உங்கள் வங்கியிடம் பணத்தைப் பிடிக்கச் சொல்கிறது. பிடித்தாயிற்று என்று பதில் வந்ததும், பெறுபவரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்கிறது. இந்த இரண்டாவது கட்டத்தில் மூன்று விதமாக நடக்கலாம். வைத்துவிட்டேன் என்ற பதில் வரலாம். முடியாது என்ற பதில் வரலாம். அப்போது உங்கள் பணத்தைத் திருப்பிவைக்கச் சொல்லி உடனே கட்டளை போகும். மூன்றாவது, பதிலே வராமல் போகலாம். சிக்கல் முழுவதும் இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. கட்டளை போய்ச் சேராமல் நின்றதா, வரவு வைத்தபிறகு பதில் மட்டும் வழியில் தொலைந்ததா என்பது அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது. பதில் வராததைத் தோல்வி என்று எடுத்துக்கொள்வதுதான், பொதுமக்களும் சில செயலிகளை எழுதியவர்களும் சேர்ந்து செய்யும் பிழை.

பதில் வராத கட்டளையை மறுபடி அனுப்பவே கூடாதா என்று கேட்கலாம். அனுப்பலாம், ஆனால் அதே எண்ணோடு அனுப்ப வேண்டும். பணம் கையாளும் மென்பொருளில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு தனி எண் உண்டு. நிரலாளர்கள் அதை ஐடெம்பொடென்சி கீ என்பார்கள். ஒரே எண்ணோடு ஒரு கட்டளை பத்து முறை வந்தாலும் வேலை ஒருமுறைதான் நடக்க வேண்டும். மற்ற ஒன்பது முறையும் முதல் முறை என்ன ஆயிற்று என்ற பதிலை மட்டும் தர வேண்டும். காசோலைத் தாளைப் போலத்தான் இது. ஒரே எண்ணுள்ள தாளை இரண்டு முறை மாற்ற முடியாது. இன்னொரு தாளை எழுதிக் கொடுத்தால் அது வேறு பணம். நீங்கள் செயலியில் புதிதாகத் தொகை போட்டுப் பின் நம்பரை அழுத்தும்போது புது எண் பிறக்கிறது. வங்கியின் கணினிக்கு அது பழைய கட்டளையின் மறுமுயற்சி என்று தெரிய வழியே இல்லை. ஒருவருக்கு இரண்டு முறை பணம் அனுப்ப விரும்புகிறீர்கள் என்றே அது எடுத்துக்கொள்ளும்.

ஓர் உதாரணத்தைக் கணக்கோடு பார்ப்போம். மார்ச் 3-ஆம் தேதி ஒருவர் பள்ளிக் கட்டணம் 6,200 ரூபாயை யுபிஐ-யில் கட்டுகிறார், பதில் வரவில்லை. அவருடைய வங்கியின் பேரேட்டில் இரண்டு பதிவுகள் விழுந்திருக்கும். அவர் கணக்கில் 6,200 பற்று, யுபிஐ தீர்வுக்கான கணக்கில் 6,200 வரவு. பணம் எங்கும் மறைந்துவிடவில்லை. அந்த இடைக் கணக்கில் பெயரோடும் எண்ணோடும் நிற்கிறது. பள்ளியின் வங்கி, என்.பி.சி.ஐ தரும் பட்டியலைத் தன் கணக்கோடு வரி வரியாக ஒத்துப்பார்க்க வேண்டும். பட்டியலில் இருந்து தன் பேரேட்டில் இல்லாத வரிகளைப் பிரித்தெடுத்து, ஒன்று பள்ளிக்கு வரவு வைத்து அதை உறுதிசெய்ய வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். வங்கிக்காரர்கள் முதலாவதை டி.சி.சி என்றும் இரண்டாவதை ரிட்டர்ன் என்றும் சொல்வார்கள். இந்தச் சொற்களை நினைவில் வையுங்கள், புகார் எழுதும்போது தேவைப்படும். பணம் திரும்பும்போது பழைய பற்றை யாரும் அழிக்க மாட்டார்கள். அதற்கு எதிராகப் புதிதாக ஒரு வரவு எழுதப்படும். பாஸ்புக்கில் இரண்டு வரிகளும் இருக்கும்.

"பணம் சேரவில்லை என்று தெரிந்த உடனேயே திருப்பித் தரக்கூடாதா?" என்று மக்கள் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் சேரவில்லை என்பதே இன்னும் உறுதியாகத் தெரியாது. பள்ளியின் கணக்கில் வரவு விழுந்திருந்து, உங்களுக்கும் திருப்பிவிட்டால் ஒரே 6,200 இரண்டு இடத்தில் இருக்கும். ஒத்துப்பார்க்கும்வரை காத்திருப்பது நியாயமே. எவ்வளவு நாள் என்பதில்தான் வங்கிகள் விளையாடுகின்றன. அதற்கு ரிசர்வ் வங்கி 20.9.2019 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் கெடு விதித்துவிட்டது. தனிநபருக்கு அனுப்பிய யுபிஐ பணம் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடை, பள்ளி போன்ற வணிகக் கணக்குக்குக் கட்டி உறுதி வராவிட்டால் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. நம் உதாரணத்தில் கெடு மார்ச் 8. பணம் மார்ச் 14-இல் திரும்பினால் 600 ரூபாய் சேர்த்து வர வேண்டும். வாடிக்கையாளர் கேட்காமலே கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சொல்கிறது. கேட்காமல் கொடுக்காத வங்கியிடம் எழுதிக் கேளுங்கள்.

இப்போது அதே பெற்றோர் பதற்றத்தில் இரண்டாவது முறையும் 6,200 கட்டியிருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். இரண்டு எண்கள், இரண்டு பற்றுகள், இரண்டு வரவுகள். இரு வங்கிகளின் பேரேடும் என்.பி.சி.ஐ பட்டியலும் பைசா பிசகாமல் ஒத்துப்போகும். ஒத்துப்பார்க்கும் மென்பொருள் எதுவும் இதில் தவறு கண்டுபிடிக்காது. சுற்றறிக்கையின் கணக்கில் இது தோல்வியடைந்த பரிமாற்றமும் அல்ல. 100 ரூபாயும் கிடையாது. ஒரு ரசீதுக்கு இரண்டு பணம் வந்திருப்பதைப் பள்ளியின் கட்டணப் பேரேடு மட்டுமே காட்ட முடியும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பதில் வராவிட்டால் மறுபடி அழுத்தாதீர்கள்.

கட்டணம் வாங்குபவர்களின் அலட்சியத்தையும் சொல்லியாக வேண்டும். சுவரில் ஒட்டிய ஒரே க்யூஆர் அட்டையை வைத்து ஆயிரம் பேரிடம் பணம் வாங்கினால், யாருடைய பணம் எந்த ரசீதுக்கு என்று எப்படித் தெரியும்? ரசீதுக்கு ஒரு க்யூஆர் உருவாக்கி, அதற்குள் ரசீது எண்ணை வைக்க முடியும்:

```
upi://pay?pa=example@upi&am=6200.00&tr=FEE1042
```

இதில் `tr` என்பதுதான் அந்த எண். இரண்டு வரவுகள் ஒரே எண்ணோடு வந்தால் பள்ளிக் கணக்காளருக்கு அன்றே தெரிந்துவிடும். செயலி எழுதுபவர்களுக்கும் இதே விதிதான். எண் பிறக்க வேண்டிய இடம் ரசீது போடும் இடம், பொத்தானை அழுத்தும் இடம் அல்ல. ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது எண் கொடுக்கும் செயலி, ஐடெம்பொடென்சி கீ வைத்திருந்தும் வைக்காததற்குச் சமம். பதில் வராத பணத்துக்குத் "தோல்வி, மறுபடி முயலுங்கள்" என்று திரையில் காட்டுவது அதைவிட மோசம். "நிலுவை" என்று எழுதி, பழைய எண்ணை வைத்து நிலையைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

"தத்துவமெல்லாம் சரி, கடைக்காரர் பொருளைக் கொடுக்க மாட்டேன் என்கிறாரே, நான் என்ன செய்ய?" இது உண்மையான சங்கடம். முதலில் செயலியின் பழைய பரிமாற்றப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தோல்வி என்று தெளிவாக இருந்து, கணக்கிலும் பணம் பிடிக்கப்படாமல் இருந்தால் மறுபடி அனுப்பலாம். பெண்டிங் என்று இருந்தாலோ பணம் பிடிக்கப்பட்டிருந்தாலோ அனுப்பாதீர்கள். அவசரமென்றால் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, பில்லின் பின்பக்கம் அந்தப் பரிமாற்றத்தின் 12 இலக்க யுபிஐ குறிப்பு எண்ணை எழுதி, "ரொக்கம் பெற்றுக்கொண்டேன், இந்த எண்ணில் பணம் வந்தால் திருப்பித் தருகிறேன்" என்று கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை. அந்தத் துண்டுக் காகிதம் இல்லாமல்தான் பலர் பிறகு கடைக்காரரோடு சண்டை போடுகிறார்கள்.

அடுத்தது புகார். செயலிக்குள் அந்தப் பரிமாற்றத்தைத் தொட்டு அங்கேயே புகாரைப் பதியுங்கள். கெடு தாண்டியதும் உங்கள் வங்கிக் கிளைக்கு எழுத்தில் கொடுங்கள்; கவுன்டரில் வாய்மொழியாகச் சொன்னது புகாரே அல்ல. கடிதத்தில் தேதி, நேரம், தொகை, 12 இலக்கக் குறிப்பு எண், இரு பக்க யுபிஐ முகவரிகள் இருக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பற்று தெரியும் கணக்கு அறிக்கையை இணையுங்கள். பணம் தனக்கு வரவில்லை என்று காட்ட, பெறுபவரிடமிருந்தும் அந்த நாட்களுக்கான அறிக்கையை வாங்க முடிந்தால் வாங்குங்கள். பிறகு இரண்டு கேள்விகளை எழுதுங்கள்: இந்த எண்ணுக்குப் பெறும் வங்கி டி.சி.சி கொடுத்திருக்கிறதா, ரிட்டர்ன் கொடுத்திருக்கிறதா, எந்தத் தேதியில்? 20.9.2019 சுற்றறிக்கைப்படி இழப்பீடு எந்தத் தேதியில் வரவு வைக்கப்படும்? நகலில் முத்திரையும் புகார் எண்ணும் வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள். "ஏழு நாள் கழிச்சு வாங்க" என்பது பதில் அல்ல.

வாடிக்கையாளர் சேவை எண்ணை இணையத்தில் தேடி அழைப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பணம் சிக்கிக்கொண்டவர்களைப் பிடிப்பதற்காகவே போலி எண்களைப் போட்டுவைத்திருக்கிறார்கள். எண்ணை வங்கி அட்டையின் பின்புறமிருந்தோ செயலிக்குள்ளிருந்தோ எடுங்கள். பணம் திரும்பி வருவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. அதைக் கேட்பவர் திருடர். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

வங்கிக்கு எழுதி 30 நாளாகியும் பதில் இல்லையென்றால், அல்லது பதில் திருப்தியில்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். cms.rbi.org.in தளத்தில் பதியலாம். கணினி வசதி இல்லாதவர்கள் ரிசர்வ் வங்கி, மத்தியப் பெறுதல் மற்றும் செயலாக்க மையம், 4-வது மாடி, செக்டர் 17, சண்டிகர் – 160017 என்ற முகவரிக்குத் தபாலில் அனுப்பலாம். சந்தேகமிருந்தால் 14448-ஐ அழைத்துக் கேளுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். ஆனால் முதலில் வங்கிக்கு எழுதிய கடிதத்தின் நகல் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கிளையில் முத்திரை வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.