ஒரு பம்ப், மூன்று பட்டறைகள்

கோவைப் பகுதியில் தயாராகும் ஒரு விவசாய பம்ப் செட்டை எடுத்துக்கொள்வோம். நத்தை வடிவில் வளைந்திருக்கும் வெளிக்கூடு பவுண்டரியில் வார்த்தது. பம்பும் மோட்டாரும் உட்காரும் அடிச்சட்டம் சானல் இரும்பை வெட்டி வெல்டிங் செய்தது. உள்ளே சுழலும் ஷாஃப்ட் லேத்தில் கடைந்தது. வார்ப்பு, பற்றவைப்பு, கடைசல் ஆகிய மூன்றையும் ஒப்பிடச் சொல்லி மெக்கானிக்கல் பாடத்தில் கேட்கும் கேள்விக்கு இந்த ஒரு பம்பிலேயே விடை இருக்கிறது.

உலோகத்தை எவ்வளவு உருக்குகிறோம் என்பதுதான் இவற்றுக்கிடையே அடிப்படை வேறுபாடு. வார்ப்பில் முழுவதையும் உருக்குகிறோம். வெல்டிங்கில் சேரும் விளிம்பை மட்டும் உருக்குகிறோம். கடைசலில் எதையும் உருக்குவதில்லை. வேண்டாததைச் சீவி எடுக்கிறோம். ஒவ்வொன்றிலும் வரும் பழுதுகளுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

முதலில் வெளிக்கூடு. தண்ணீர் ஓடும் பாதை உள்ளுக்குள் சுருண்டு, போகப் போக அகலமாகும். வெட்டும் கருவி நுழைய முடியாத இடம் அது. அந்தக் குடைவின் வடிவத்தில் மணலால் ஒரு கோர் செய்து, மணல் அச்சுக்குள் வைத்து, 1,350 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான வார்ப்பிரும்பை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு கோரை உடைத்துக் கொட்டினால் குடைவு தயார். சாம்பல் வார்ப்பிரும்பு ஆறும்போது நீளத்தில் ஏறக்குறைய 1 சதவீதம் சுருங்கும். ஆகவே 300 மில்லிமீட்டர் கூட்டுக்கு மாதிரியை 303 மில்லிமீட்டரில் செய்வார்கள். லேத்தில் சீவ வேண்டிய முகங்களுக்குச் சில மில்லிமீட்டர் கூடுதலாகவும் விடுவார்கள்.

உருகிய இரும்பு ஈர மணலைத் தொட்டதும் அதிலுள்ள நீர் ஆவியாகி, ஆயிரம் மடங்குக்கு மேல் பருமன் பெருகும். அந்த ஆவி மணல் வழியே வெளியேற முடியாவிட்டால் இரும்புக்குள் புகுந்து குமிழியாகத் தங்கிவிடும். இதுதான் புளோ ஹோல். இன்னொரு வகைக் குழியும் உண்டு. தடித்த பகுதி கடைசியாக உறையும். அதற்குள் பக்கத்து மெல்லிய பகுதிகள் உறைந்துவிடுவதால், சுருக்கத்தை ஈடுகட்ட திரவ இரும்பு வந்து சேராது. அங்கே சுருக்கக் குழி விழும்.

இரண்டும் பார்வைக்கு ஓட்டைதான், ஆனால் மருந்து வேறு. உடைத்துப் பார்த்தால் புளோ ஹோலின் உட்சுவர் உருண்டு வழவழப்பாக இருக்கும். சுருக்கக் குழியின் சுவர் சொரசொரப்பாக, முட்கள் நீட்டியதுபோல் இருக்கும். முதலாவதற்கு மணலின் ஈரத்தைக் குறைத்து, காற்று போக வழி விட வேண்டும். இரண்டாவதற்குத் தடித்த இடத்தின் அருகே ரைசர் வைத்து, கடைசிவரை திரவ இரும்பு கிடைக்கச் செய்ய வேண்டும். வகை தெரியாமல் மணலை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் சுருக்கக் குழி போகாது.

அடுத்து அடிச்சட்டம். இதையும் வார்க்கலாம், ஆனால் நேரான சானல்களைச் சேர்த்தாலே போதும் என்னும்போது மாதிரியும் அச்சும் எதற்கு? அதிலும் ஒன்றிரண்டு சட்டம்தான் தேவை என்றால் வெல்டிங்தான் மலிவு. மின்வில்லின் வெப்பம் 5,000 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் இரு விளிம்புகளும் எலெக்ட்ரோடின் நுனியும் உருகி ஒன்றாகின்றன. எலெக்ட்ரோடின் மேற்பூச்சு எரிந்து வாயுவாகவும் கசடாகவும் மாறி, உருகிய குட்டையைக் காற்றிலிருந்து காக்கும்.

இங்கே சங்கடம், சூடு ஓரிடத்தில் மட்டும் இருப்பதுதான். வெல்டிங் கோடு ஆறிச் சுருங்கும்போது சுற்றியிருக்கும் குளிர்ந்த இரும்பு விட்டுக்கொடுக்காது. விளைவு, சட்டம் கோணும். கோணிய சட்டத்தில் பம்பையும் மோட்டாரையும் பூட்டினால் இரண்டு ஷாஃப்டுகளும் நேர்க்கோட்டில் நிற்காது. பேரிங் விரைவில் போய்விடும். ஆகவே முதலில் எல்லா மூட்டுகளிலும் டேக் வைத்து, பிறகு எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றி வெல்டிங் செய்ய வேண்டும். மோட்டார் உட்காரும் மேடைகளை எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகுதான் சமன்படுத்த வேண்டும்.

வெல்டிங் பழுதுகளில் ஓரம் அரித்துப்போகும் அண்டர்கட் கண்ணுக்குத் தெரியும். கரண்ட் அதிகமானாலோ கையை வேகமாக நகர்த்தினாலோ அது வரும். விளிம்பு உருகாமல் மேலே மட்டும் உலோகம் படிந்திருப்பது அதைவிட ஆபத்தானது. மேல்தோற்றம் அழகாக இருக்கும், பிடிப்பு இருக்காது. சாயம் தடவிப் பார்க்கும் சோதனை மேற்பரப்பில் வாய் திறந்த விரிசலைத்தான் காட்டும். உள்ளே ஒட்டாத இடத்தைக் கண்டுபிடிக்க அல்ட்ராசோனிக் சோதனை வேண்டும்.

மூன்றாவது ஷாஃப்ட். 25 மில்லிமீட்டர் ஷாஃப்டில் பேரிங் ஏறும் இடத்துக்கு வரைபடத்தில் k6 என்று குறித்திருந்தால், அளவு 25.002-க்கும் 25.015-க்கும் இடையே இருக்க வேண்டும். மணல் அச்சில் வார்த்து இந்த நுணுக்கத்தை எட்ட முடியாது. மேற்பரப்பும் வழவழப்பாக வேண்டும். லேத்தில் ஒரு சுற்றுக்குக் கருவி நகரும் தூரம் f, கருவி முனையின் ஆரம் r என்றால், மேற்பரப்பில் நிற்கும் வரிகளின் உயரம் ஏறக்குறைய f²/8r. முனை ஆரம் 0.8 மில்லிமீட்டர், நகர்வு 0.2 மில்லிமீட்டர் என்றால் உயரம் 6 மைக்ரானுக்குச் சற்று மேல். நகர்வைப் பாதியாக்கினால் உயரம் கால் பங்காகிவிடும். வேலை நேரம் இரட்டிப்பாகும்.

கடைசலின் பழுதுகள் வடிவத்திலும் மேற்பரப்பிலும் வருபவை. டெயில்ஸ்டாக் மையம் விலகியிருந்தால் ஷாஃப்ட் ஒரு முனை பருத்து டேப்பராகும். இரு மையங்களுக்கிடையே பிடித்த நீளமான ஷாஃப்ட், கருவியின் அழுத்தத்தில் நடுவில் விலகிக்கொடுத்தால், அங்கே குறைவாகவே சீவப்பட்டு வயிறு வைக்கும். இவை மைக்ரோமீட்டரை வைத்ததும் தெரிந்துவிடும். அளவு கூடியிருந்தால் இன்னொரு முறை சீவலாம். குறைந்துவிட்டால் பெரும்பாலும் அந்த ஷாஃப்ட் ஸ்கிராப்தான்.

மூன்று முறைகளும் மோதிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வார்ப்பில் ஒளிந்திருந்த குழி, கூட்டின் முகத்தை லேத்தில் சீவும்போதுதான் வாய் திறக்கும். கூலியும் நேரமும் அதற்குள் செலவாகியிருக்கும். சாதாரண எலெக்ட்ரோடால் அடைத்துவிடலாம் என்று கை பரபரக்கும். ஆனால் சாம்பல் வார்ப்பிரும்பில் கார்பன் சுமார் 3 சதவீதம். சானல் இரும்பில் 0.2 சதவீதம் அளவுதான். வெல்டிங்கை ஒட்டிய வார்ப்பிரும்பு சட்டென்று ஆறும்போது, அந்தக் கார்பனால் அது கடினமாகி நொறுங்கும் தன்மை பெறும். ஆறும்போதே கோட்டின் பக்கத்தில் விரிசல் ஓடும். மேற்கொண்டு சீவ முயன்றால் கருவியின் முனையும் உடையும்.

இதற்கு நிக்கல் எலெக்ட்ரோடு வேண்டும். ஒரு அங்குல நீளத்துக்கு மட்டும் வைத்து, சூடு இருக்கும்போதே சுத்தியலால் லேசாகத் தட்டி, கை வைக்கும் அளவுக்கு ஆறியபின் அடுத்த துண்டை வைக்க வேண்டும். அப்படிச் செய்த இடம் லேத்தில் சீவும் பதத்தில் இருக்கும். குழி வெளிப்பக்கத்து மேடையில் என்றால் இந்த உழைப்பு தகும். தண்ணீர் அழுத்தம் தாங்கும் சுவரில் என்றால் கூட்டை உடைத்து மீண்டும் உலையில் போடுவதுதான் சரி. இரும்பு வீணாகாது; கடைசல் கூலிதான் நஷ்டம். அந்த நஷ்டமும் வேண்டாம் என்றால், முதல் சில வார்ப்புகளைத் தடித்த இடத்தில் அறுத்துப் பார்த்துவிட்டு மீதியை லேத்துக்கு அனுப்ப வேண்டும்.