இரண்டு கம்பங்களுக்கு நடுவே

பெங்களூரின் வைட்ஃபீல்ட் காடுகோடி மெட்ரோ நிலையத்துக்கு 2023 மார்ச்சில் ரயில் வரத் தொடங்கிய பிறகு, இரவு ஒன்பது, பத்து மணிக்குக்கூட அங்கே இறங்கி வீட்டுக்கு நடப்பவர்கள் நிறையப் பேர். பெரிய சாலையை விட்டு உள்சாலைக்குள் திரும்பியதும் ஒன்றைக் கவனிக்கலாம். விளக்குக்கு நேர் கீழே பேப்பர் படிக்கலாம் போல வெளிச்சம் இருக்கும். பதினைந்து அடி எடுத்துவைத்தால் சாக்கடை மேல் பலகை இருக்கிறதா, பெயர்ந்து கிடக்கிறதா என்று தெரியாது. பிரகாசத்துக்குப் பழகிய கண் இருட்டுக்குப் பழகுவதற்குள் கால் அங்கே போய்விடுகிறது.

இதைக் கேட்டால் எல்லோரும் சொல்லும் தீர்வு, இன்னும் அதிக வாட் விளக்குப் போட வேண்டும் என்பது. என் கருத்தில் பெரும்பாலும் அது தவறான மருந்து. கோளாறு விளக்கில் இல்லை, இரண்டு கம்பங்களுக்கு நடுவே இருக்கிற தூரத்தில் இருக்கிறது.

தெருவிளக்குக்கு நம் நாட்டு விதிநூல் ஐ.எஸ். 1944. அது ஆண்டு அல்ல, தர எண். நான் சொல்வது அதன் 1970 பதிப்பை. பலவகை வண்டிகளும் கணிசமாக ஓடும் முக்கியச் சாலையை அது ஏ2 என்று வகைப்படுத்தி, தரையில் சராசரியாக 15 லக்ஸ் வெளிச்சம் விழ வேண்டும் என்கிறது. பௌர்ணமி நிலவு தருவது கால் லக்ஸுக்கும் குறைவு என்பதை நினைத்தால் 15 எவ்வளவு என்று புரியும். பலரும் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அடுத்த வரிதான் முக்கியம்: சாலையின் மிக இருண்ட இடத்தில் விழும் வெளிச்சம், சராசரியில் பத்தில் நான்கு பங்காவது இருக்க வேண்டும். சராசரி 15 என்றால் எந்த மூலையிலும் 6 லக்ஸுக்குக் குறையக் கூடாது.

ஒரு சாலையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வைட்ஃபீல்டில் குடியிருப்புகளை இணைக்கும் ஒரு சாலை, அகலம் 9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாலையின் அகலம் விளக்கின் உயரத்தைத் தாண்டாதவரை ஒரு பக்கம் மட்டும் கம்பம் நட்டால் போதும் என்பது நடைமுறை. ஆகவே விளக்கு 9 மீட்டர் உயரத்தில். கம்ப இடைவெளி உயரத்தைப் போல் மூன்று மடங்கு, 27 மீட்டர்.

90 வாட் எல்.இ.டி. ஒன்று, வாட்டுக்கு 120 லூமன் வீதம் 10,800 லூமன் ஒளி கொடுக்கும். அதெல்லாம் சாலையில் விழாது. கொஞ்சம் எதிர் வீட்டு மதிலில் விழும், கொஞ்சம் நடைபாதைக்குப் பின்னால் போகும். நூற்றுக்கு 45 பங்கு சாலையில் விழுவதாகக் கொள்வோம். விளக்கில் தூசி படியும், ஆண்டுகள் போகப் போக ஒளியும் மங்கும். அதற்காக இன்னும் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய 3,890 லூமன். ஒரு கம்பத்தின் பங்குக்கு வரும் தரை 27-ஐ 9-ஆல் பெருக்க 243 சதுர மீட்டர். வகுத்தால் 16 லக்ஸ். தேறிவிட்டது.

இப்போது செலவைக் குறைக்க இடைவெளியை 40 மீட்டர் ஆக்குகிறோம். சராசரி 11 லக்ஸுக்கு இறங்கும். அதைச் சரிக்கட்ட 135 வாட் விளக்கு மாட்டினால் சராசரி மறுபடி 16 ஆகிவிடும். காகிதத்தில் எல்லாம் சரி. நடுவில் என்ன ஆகிறது?

ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. அத்தோடு சாய்ந்து விழும் ஒளி அதிகப் பரப்பில் படர்ந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து, தரையில் விழும் வெளிச்சம் சாய்கோணக் கொசைனின் மும்மடிக்கு ஏற்ப விழுகிறது. எல்லாத் திசையிலும் ஒரே அளவு ஒளி வீசும் விளக்கு என்று எளிமைக்கு வைத்துக்கொண்டு, கம்பத்தடி வெளிச்சத்தை 100 என்போம். 27 மீட்டர் இடைவெளியில், நடுப்புள்ளியில் இரு பக்க விளக்கிலிருந்தும் ஆளுக்கு 17, மொத்தம் 34. 40 மீட்டர் என்றால் ஆளுக்கு 7, மொத்தம் 14. வாட்டைக் கூட்டினால் கம்பத்தடியும் நடுவும் ஒரே விகிதத்தில் கூடும். பள்ளம் பள்ளமாகவே இருக்கும். கம்பத்தடி முன்னைவிடக் கண்ணைக் கூச வைப்பதால், நடு இன்னும் இருட்டாகத் தோன்றும்.

நல்ல தெருவிளக்கின் லென்ஸ் செய்வது இந்தப் பள்ளத்தை நிரப்பும் வேலை. நேர் கீழே ஒளியைக் குறைத்து, இரு பக்கமும் 60, 65 பாகைச் சாய்வில் கூடுதலாக வீசும். 27 மீட்டர் ஏற்பாட்டில் நடுப்புள்ளி 56 பாகையில் இருக்கிறது, லென்ஸுக்கு எட்டும் தூரம். 40 மீட்டரில் 66 பாகை, எல்லை. அதையும் தாண்டி எறிந்தால் அந்த ஒளி தரைக்கு வருவதற்கு முன் எதிரே வரும் பைக்காரரின் கண்ணுக்குள் போகும்.

மின்சாரக் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோமீட்டருக்கு 38 கம்பங்கள், 90 வாட் வீதம் 3.42 கிலோவாட். வைட்ஃபீல்ட் இருக்கும் 13 பாகை அட்சரேகையில் இரவு சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம். ஆண்டுக்குச் சுமார் 15,000 யூனிட். இதே வேலையைப் பழைய 150 வாட் சோடியம் விளக்கு, சோக்கோடு சேர்த்து 170 வாட் இழுத்துச் செய்தால் 28,300 யூனிட். ஏறக்குறைய பாதி மிச்சம்.

இன்னும் மிச்சம் பிடிக்க நம் ஊர்களில் பழக்கமான வழி, நள்ளிரவில் ஒன்றுவிட்டு ஒன்று அணைப்பது. இதை நான் அடியோடு எதிர்க்கிறேன். 27 மீட்டர் இடைவெளி அந்த நிமிடமே 54 ஆகிவிடுகிறது. நடுப்புள்ளி 72 பாகையில், ஆளுக்கு 3, மொத்தம் 6. அங்கே கம்பம் நிற்கிறது, விளக்கு தொங்குகிறது, வெளிச்சம் மட்டும் இல்லை. அதற்குப் பதிலாகப் பின்னிரவு ஆறு மணி நேரம் எல்லா விளக்கையும் பாதி வாட்டுக்கு இறக்கலாம். அந்த நேரத்துக்குச் செலவு அதே பாதிதான், ஒரு இரவில் மொத்தம் கால் பங்கு மிச்சம். சராசரி 8 லக்ஸுக்கு வரும், ஆனால் வெளிச்சம் சீராக இருக்கும். 8 லக்ஸ் என்பது அதே விதிநூல் பி1 வகைக்கு, அதாவது உள்ளூர்ப் போக்குவரத்துச் சாலைக்குக் கேட்கும் அளவு. எல்.இ.டி.யில் டிம்மிங் வசதியுள்ள டிரைவர் இருந்தால் இது நடக்கும். பழைய சோடியத்தில் இது எளிதல்ல.

கணக்கைக் கெடுக்க வைட்ஃபீல்டில் வேறு இரண்டு இருக்கின்றன. ஒன்று மரம். தூங்குமூஞ்சி மரத்தின் குடைக்குள் விளக்கு மாட்டிக்கொண்டால் லூமனில் பெரும்பகுதி இலைக்குத்தான். அங்கே கம்பத்தைத் தாழ்த்தி, நீளமான கை வைத்து விளக்கைக் கிளைக்கு வெளியே கொண்டுவர வேண்டும். உயரம் 6 மீட்டர் ஆனால் இடைவெளியும் 18 ஆகச் சுருங்கும், கம்பம் கூடும். மரம் வேண்டுமென்றால் அந்தச் செலவை ஏற்கத்தான் வேண்டும். இன்னொன்று, ஐ.டி.பி.எல். சாலையில் போகும் மெட்ரோ மேம்பாலம். நடுவில் தூண்கள் வரிசையாக நிற்பதால் எதிர்ப்பக்க விளக்கின் ஒளி இந்தப் பக்கத்துக்கு முழுதாக வராது. சாலையை இரண்டு தனிச் சாலைகளாக நினைத்துத்தான் விளக்கு அமைக்க வேண்டும்.

விளக்கு எரியாதபோது காரணத்தைத் தெருவில் நின்றே ஓரளவு ஊகிக்கலாம். வரிசை முழுவதும் இருட்டு, வீடுகளில் கரண்ட் இருக்கிறது என்றால் தெருமுனைப் பெட்டியில் டைமரோ காண்டாக்டரோ கோளாறு. ஒன்று மட்டும் அணைந்திருந்தால், எல்.இ.டி.யாக இருக்கும்பட்சத்தில், இடி மின்னலில் டிரைவர் போயிருக்க வாய்ப்பு அதிகம். எண்ணிக்கொண்டே நடக்கும்போது ஒன்று, நான்கு, ஏழு, பத்து என்று மூன்றுக்கு ஒன்று இருட்டாக இருந்தால், அது பல்பு கோளாறே அல்ல. விளக்குகளை மூன்று ஃபேஸிலும் மாற்றி மாற்றி இணைப்பது வழக்கம், அதில் ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. புகார் சொல்லும்போது "நிறைய லைட் எரியலை" என்பதற்குப் பதில் "மூன்றுக்கு ஒன்று எரியலை" என்று சொன்னால், லைன்மேன் ஏணியோடு கம்பத்துக்குப் போகாமல் நேரே பெட்டியைத் திறப்பார்.